மல்லிகை நீலமாகத் தெரிந்த வாரங்கள்

கண்புரை அறுவை முடிந்து கட்டு பிரித்த மறுநாளே அம்மா மல்லிகை மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னாடா இது, பூவுக்குச் சொட்டு நீலம் போட்டாப்ல இருக்கு?" என்றார். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பூக்கட்டுபவர். பூவின் நிறத்தில் அவரை ஏமாற்ற முடியாது. ஆனால் கடைசி இரண்டு மூன்று வருடங்களாக அவருக்குத் தெரியாமலேயே கண் ஏமாற்றிக்கொண்டிருந்தது. பழுக்கத் தொடங்கிய மொட்டுக்கும் அன்று வந்த மொட்டுக்கும் வித்தியாசம் கண்ணில் படவில்லை. விரலால் அழுத்தி, மோந்து பார்த்துத்தான் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் அவரிடம் சரம் வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருநாள், "யக்கா, நேத்துப் பூவை இன்னைக்குப் பூவோட கலந்து கட்டிட்டீங்க" என்று சொன்னபோதுதான் வீட்டில் விஷயம் வெளியே வந்தது. பூக்கட்டுவதை நிறுத்திவிடச் சொல்வார்களோ என்ற பயம்தான் அம்மாவுக்கு. கண் பயம் அதற்கப்புறம்.

நீலம் தெரிந்ததற்குக் காரணம் எளிமையானது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளடிக்கிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைப்போல நீல ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். மூளை அதற்கேற்பச் சரிசெய்துகொண்டே இருப்பதால் நமக்குத் தெரியாது. பழைய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸை வைத்தவுடன் நீலம் முழுசாக வந்து விழும். மூளை இன்னும் பழைய கணக்கிலேயே இருப்பதால் வெள்ளை எல்லாம் நீலம் பாரித்துத் தெரியும். சில வாரங்களில் சரியாகிவிடும். அம்மாவுக்கும் சரியாகிவிட்டது.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. மருத்துவர் பேச்சுவாக்கில், இப்போது வைக்கும் லென்ஸ்கள் புற ஊதாவைத் தடுக்கும்படி செய்யப்பட்டவை என்றார். நம் இயற்கை லென்ஸும் அதைத்தான் செய்கிறது. 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை விழித்திரைக்குப் போகவிடாமல் உறிஞ்சிவிடுகிறது. விழித்திரைக்குப் புற ஊதாவை உணரும் திறன் ஓரளவு இருக்கிறது. வாசலில்தான் தடுத்து நிறுத்தப்படுகிறது. செயற்கை லென்ஸ் இல்லாத காலத்தில் லென்ஸை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களில் சிலர் புற ஊதாவின் ஒரு துண்டை வெளிறிய நீலமாகவோ ஊதாவாகவோ பார்த்தார்கள். ஓவியர் மோனே 1923இல் அறுவை செய்துகொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பியது பலருக்குத் தெரிந்த கதை. ஆக, மல்லிகையின் வெள்ளை என்று நாம் சொல்வது நம் கண் வாசலில் கழித்துக்கட்டியது போக மிஞ்சிய வெள்ளை. அந்தக் கழிவையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு பிராணிக்கு மல்லிகை என்ன நிறம்?

எனக்குப் புகைப்படக் கிறுக்கு உண்டு. பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பிரித்து, சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டால் அது புற ஊதாவையும் அகச்சிவப்பையும் சேர்த்தே பதிவு செய்யும். நவீன லென்ஸ்களின் பூச்சு புற ஊதாவை அதிகம் விடாது. பழைய இருட்டறை என்லார்ஜர் லென்ஸ்கள் விடும். நிக்கானின் பழைய உலோக உடல் 80 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் இந்தக் கிறுக்கர்கள் மத்தியில் பிரபலம். அதன் முன்னால் புற ஊதாவை மட்டும் அனுமதிக்கும் கறுப்பு வடிகட்டி. இதற்குத்தான் காசு போகும். கேமராவையும் லென்ஸையும் சேர்த்த விலையைவிட அது அதிகம்.

விலை மலிவான வடிகட்டியை வாங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடக்கும் 'தேனீ பார்க்கும் பூ' படங்களில் பாதி இப்படிப்பட்டவை. மலிவான வடிகட்டி புற ஊதாவோடு அகச்சிவப்பையும் கசியவிடும். சென்சாருக்கு அகச்சிவப்பு மிகவும் பிடிக்கும், புற ஊதா அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே படத்தில் விழுவது பெரும்பாலும் அகச்சிவப்புதான். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இலையைப் பாருங்கள். பச்சை இலை புற ஊதாவை நன்றாக உறிஞ்சும், அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பும். படத்தில் இலை கரியாக இருந்தால் உண்மையான புற ஊதாப் படம். பனி பெய்ததுபோல் வெளுத்திருந்தால் அது அகச்சிவப்பு. இன்னொரு வகை மோசடி, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துச் சாதாரணக் கேமராவில் எடுப்பது. மகரந்தம் பச்சையும் மஞ்சளுமாய் ஜொலிக்கும், பார்க்க அழகுதான். ஆனால் அது புற ஊதாவை வாங்கிக்கொண்டு நமக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும் மினுக்கம். தேனீ பகலில் பார்ப்பது அதையல்ல, பூ எவ்வளவு புற ஊதாவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைத்தான்.

படம் எடுக்க 'இதுதான் வெள்ளை' என்று காட்ட ஒரு பொருள் வேண்டும். புற ஊதாவிலும் வெள்ளையாக இருக்கும் பொருள் கிடைப்பது லேசல்ல. ஹார்ட்வேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப் இருக்கிறதே, டெஃப்லான் டேப், அதைப் பத்துப் பன்னிரண்டு அடுக்காகச் சுற்றி ஒரு அட்டையில் ஒட்டினால் போதும். இரண்டு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். அந்த அட்டையை மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அம்மாவின் பூத்தட்டை வீட்டு வாசலில் வெயிலில் எடுத்தேன்.

படத்தில் டேப் வெள்ளை. மல்லிகை கரி. தட்டுக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரும் கரி. கொடியில் காய்ந்த அப்பாவின் வெள்ளை வேட்டியும் கரிதான். அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "எழவு வீட்டு போட்டோ மாதிரி இருக்குடா, அழிச்சிடு" என்றார்.

மூன்றும் கறுத்ததற்கு மூன்று காரணங்கள். சுவர் வண்ணத்தில் வெள்ளைக்காகச் சேர்க்கும் டைட்டேனியம் டைஆக்சைடு புற ஊதாவை உறிஞ்சும். வெயில் களிம்பில் அதைச் சேர்ப்பதும் அதனால்தான். வேட்டியில் சோப்புத்தூளின் வெளுப்பு ரசாயனம் ஏறியிருக்கிறது. அது புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும். பழைய சொட்டு நீலத்தின் நவீன வாரிசு. மல்லிகையின் இதழில் ஃபிளாவனாய்டு வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. நம் கண்ணுக்கு அவற்றுக்கு நிறமில்லை, புற ஊதாவுக்கு அவை திரை. மல்லிகை மட்டுமல்ல, உலகத்தின் பெரும்பாலான வெள்ளைப் பூக்கள் இப்படித்தான். புற ஊதா உட்பட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும் பூ அபூர்வம்.

ஏன் அப்படி என்று கேட்டால் தேனீயின் கண்ணுக்குள் போயாக வேண்டும்.

தேனீயின் தலையில் இரண்டு பக்கமும் கவிழ்த்த கிண்ணம்போல் இருப்பது கூட்டுக்கண். வேலைக்காரத் தேனீயின் ஒரு கண்ணில் ஏறக்குறைய ஐயாயிரம் சிறு கண்கள். ஒம்மட்டிடியம் என்பார்கள், நான் சிற்றுக்கண் என்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு ஒல்லியான குழாய். மேலே அறுகோண வடிவில் ஒரு குட்டி லென்ஸ். அதன் கீழே கண்ணாடிபோன்ற ஒரு கூம்பு. அதற்குக் கீழே ஒளியை உணரும் ஒன்பது செல்கள் ஆரஞ்சுச் சுளைகள்போல வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றையொன்று தொடும் நடுவில் ஒரு தண்டு. ஒளி அந்தத் தண்டுக்குள்தான் இறங்குகிறது. குழாயைச் சுற்றி நிறமிச் செல்கள் திரைபோல் நிற்பதால் பக்கத்துக் குழாயின் ஒளி இதற்குள் கசியாது.

சினிமாவில் பூச்சி பார்ப்பதைக் காட்டும்போது ஒரே முகம் நூறு கட்டங்களில் நூறு தடவை தெரியும். அது தவறு. ஒரு சிற்றுக்கண் முழுப்படத்தையும் பார்ப்பதில்லை. வானத்தில் தன் எதிரே இருக்கும் ஒரு சிறு வட்டத்திலிருந்து வரும் ஒளியைக் கலந்து ஒரே ஒரு புள்ளியாக அனுப்புகிறது. ஐயாயிரம் குழாய்களின் ஐயாயிரம் புள்ளிகள் சேர்ந்துதான் ஒரு படம். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களுக்கு இடையே ஏறக்குறைய 1 முதல் 2 பாகை இடைவெளி. இதை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு வழி, கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பார்ப்பது. விரலின் அகலம் ஏறக்குறைய 2 பாகை. முழு நிலா அரைப் பாகைதான். அதாவது நிலா தேனீயின் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்துப் பார்க்கும்.

இனி நிறம். தேனீக்கு நிறம் தெரியும் என்று கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914இல் நிறுவினார். நீல அட்டைமேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கி, பிறகு அதே நீல அட்டையைப் பல அளவு சாம்பல் நிற அட்டைகளின் நடுவே வைத்தார். நிறம் தெரியாத கண்ணாக இருந்தால் நீலத்தோடு ஒரே வெளிச்சமுள்ள ஏதாவது ஒரு சாம்பல் அட்டையோடு குழம்பியிருக்கும். குழம்பவில்லை. மிகச் சாமானியமான பரிசோதனை, ஆனால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. பின்னாளில் செல்களுக்குள் மின்முனை செலுத்தி அளந்தபோது மூன்று வகை உணர்செல்கள் இருப்பது தெரிந்தது. ஒன்று 344 நானோமீட்டரில், அதாவது புற ஊதாவில், அதிகம் விழிப்பது. இன்னொன்று 436இல், நீலம். மூன்றாவது 544இல், பச்சை. நமக்கு நீலம், பச்சை, சிவப்பு. அவற்றுக்குப் புற ஊதா, நீலம், பச்சை. நம் பட்டையைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினாற்போல. அதனால்தான் நம் தேசிய மலரான செம்பருத்தி, புங்கா ராயா, தேனீக்கு அவ்வளவு கவர்ச்சியாகத் தெரிவதில்லை. அந்தச் சிவப்பு அவற்றின் பட்டைக்கு வெளியே. செம்பருத்திக்குத் தேன்சிட்டு இருக்கிறது, கவலையில்லை.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்ததுபோல ஒவ்வொரு சிற்றுக்கண்ணிலும் மூன்று வகைச் செல்களும் சமமாக இருப்பதில்லை. தேனீக் கண்ணில் மூன்று ரகச் சிற்றுக்கண்கள் கலந்து கிடக்கின்றன என்று 2005இல் வந்த ஆய்வுகள் காட்டின. எல்லா ரகத்திலும் ஆறு பச்சைச் செல்கள் உண்டு. மீதியில்தான் வித்தியாசம். ஏறக்குறைய 44 விழுக்காட்டில் ஒரு புற ஊதாச் செல்லும் ஒரு நீலச் செல்லும். 46 விழுக்காட்டில் இரண்டுமே புற ஊதா. மீதி பத்தில் இரண்டுமே நீலம். எங்கே எது என்பதற்கு ஒழுங்கு எதுவும் இல்லை, சிதறிக் கிடக்கின்றன. ஆகவே ஒரு தனிப் புள்ளியை வைத்துக்கொண்டு தேனீயால் நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. பக்கத்துப் புள்ளிகள் பலவற்றைச் சேர்த்துக் கூட்டினால்தான் நிறம் பிடிபடும்.

இப்போது மல்லிகைக்கு வருவோம். புற ஊதா, நீலம், பச்சை மூன்றையும் ஒரே அளவில் அனுப்பும் பூ ஒன்று இருந்தால் தேனீயின் மூன்று செல்களும் ஒன்றுபோல் விழிக்கும். அதற்கு நிறம் என்று எதுவும் தெரியாது. நாம் சாம்பலைப் பார்ப்பதுபோல. இலையும் அப்படித்தான், மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் மங்கலான ஒன்று. சாம்பலின் மேல் இன்னொரு சாம்பல். பூ தன் வெள்ளையிலிருந்து புற ஊதாவைக் கழித்துவிட்டால் நீலமும் பச்சையும் மட்டும் மிஞ்சும். தேனீக்கு அது நீலப்பச்சை, நல்ல அழுத்தமான நிறம். வெள்ளைப் பூ உண்மையில் வெள்ளையில்லை என்பதுதான் அது பிழைக்கும் வழி.

மல்லிகையை விட்டுவிட்டு வேறொரு வெள்ளைப்பூவுக்குப் போகிறேன். மல்லிகை மொட்டாகவே பறித்துவிடப்படுவதால் அதற்கும் தேனீக்கும் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுக்குப் பின்னால் லோங்காங் ஓரமாக மண்டிக்கிடக்கும் செடிக்கு மலாயில் ரும்புட் இஸ்ராயெல் என்று பெயர். தோட்டப்புறங்களில் செம்பனைக்குக் கீழே பரவினால் பிடுங்கி மாளாது. தாவரவியலில் அஸிஸ்டாசியா. பூ ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், வெள்ளை, கீழ் இதழில் ஊதாத் தீற்றல். காலை எட்டு மணிக்குமேல் நம்மூர்ச் சின்னத் தேனீக்கள் அதைச் சுற்றியே கிடக்கும்.

ஒரு தேனீக்கு அந்தப் பூ எவ்வளவு தூரத்தில் தெரியும்? மார்ட்டின் ஜியுர்ஃபாவும் கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட அளவு இதற்கு உதவும். தேனீக்களைப் பழக்கி, வட்டத் தட்டுகளின் அளவைக் குறைத்துக்கொண்டே போய் எந்தக் கோணத்தில் தேனீ கைவிடுகிறது என்று பார்த்தார்கள். பின்னணியோடு ஒப்பிடப் பச்சைச் செல்லில் வித்தியாசம் இருக்கும் தட்டை 5 பாகை வரை கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் அது நிறத்தைப் பார்க்கவில்லை, பச்சைச் செல்லுக்குத் தெரியும் வெளிச்ச வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க 15 பாகை வேண்டியிருந்தது. 5 பாகை என்றால் ஏறக்குறைய ஏழு சிற்றுக்கண்கள். 15 பாகை என்றால் ஏறக்குறைய அறுபது. நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி.

ரும்புட் இஸ்ராயெல் பூவுக்குக் கணக்குப் போட்டால், இரண்டு சென்டிமீட்டர் அகலம் 5 பாகையாகத் தெரிவது 23 சென்டிமீட்டர் தூரத்தில். 15 பாகையாவது ஏழரை சென்டிமீட்டரில். அதாவது ஒரு சாண் தூரத்தில் 'என்னமோ வெளிச்சமா இருக்கு' என்று தெரியும். நிறம் தெரிய விரல் நீளத்துக்கு வந்துவிட வேண்டும். கீழ் இதழின் ஊதாத் தீற்றல் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அது ஒரு புள்ளியாகத் தெரியவே ஆறு சென்டிமீட்டருக்குள் வரவேண்டும், நிறமாகத் தெரிய இரண்டு சென்டிமீட்டர். அதற்குள் தேனீ இறங்கியே ஆகிவிட்டது. இந்த எண்கள் ஐரோப்பியத் தேனீயிடம் எடுத்தவை. நம்மூர்த் தேனீக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். கெலுலுட் என்கிற கொட்டாத் தேனீக்குக் கண் இன்னும் சிறியது, இன்னும் கிட்டே போகவேண்டும். ஆனால் கணக்கின் தன்மை மாறாது.

இதைப் போட்டுப் பார்த்த பிறகு 'பூவின் ரகசிய விமான ஓடுதளம்' என்றெல்லாம் எழுதுகிற கட்டுரைகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. புற ஊதாக் கோலம் தூரத்திலிருந்து கூப்பிடும் விளம்பரப் பலகை இல்லை, பெரிய பூவாக இருந்தாலொழிய. சூரியகாந்தி அப்படிப் பெரியது. நமக்கு இதழ் முழுக்க ஒரே மஞ்சள். என் படத்தில் இதழ்களின் நுனி வெளுத்தும் அடிப்பாகம் கறுத்தும் நடுவில் ஒரு பெரிய கரிய வட்டம் விழுந்திருந்தது. நுனி புற ஊதாவையும் பச்சையையும் அனுப்புவதால் தேனீக்கு அது நமக்குப் பெயரில்லாத ஒரு கலவை நிறம். ஆய்வாளர்கள் 'தேனீ ஊதா' என்கிறார்கள். அடிப்பாகத்தில் ஃபிளாவனால்கள் புற ஊதாவைக் குடித்துவிடுகின்றன. பதினைந்து சென்டிமீட்டர்ப் பூவென்றால் அரை மீட்டருக்கு அப்பாலிருந்தே அதன் நிறம் தெரியும், நடுவட்டம் கால் மீட்டரில். அதே ஃபிளாவனால்கள் அதிகமுள்ள, கறுப்பு வட்டம் பெரிதாக உள்ள காட்டுச் சூரியகாந்திகள் வறண்ட காற்றுள்ள இடங்களில் அதிகம் என்று மார்க்கோ டொடெஸ்கோ குழு 2022இல் காட்டியது. இதழ் நீர் இழக்காமலிருக்க அவை உதவுவதாகத் தெரிகிறது. கோலம் தேனீக்காக மட்டும் போடப்பட்டதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகுதான் நம் நாட்டுக் காடுகளில் நடக்கும் ஒரு விவகாரம் எனக்குச் சரியாகப் புரிந்தது. ஆர்க்கிட் கும்பிடுபூச்சி என்று ஒன்று. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், கால்கள் இதழ்போல் அகன்றிருக்கும். வாலஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப்பட்ட ஒரு பூச்சி பூவாக நடித்து இரையை வரவழைக்கிறது என்று எழுதினார். 1899-1900இல் ஸ்கீட் குழுவோடு மலாய் தீபகற்பத்துக்கு வந்த நெல்சன் அன்னன்டேல், பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைத் தொடங்கியவர், செண்டுடுக் புதரில் ஒன்றைக் கண்டு விரிவாக எழுதிவைத்தார். ஆனால் பூச்சிகள் உண்மையில் ஏமாந்து வருகின்றனவா, நமக்குத்தான் அது பூவாகத் தெரிகிறதா என்பதை நூறு வருடங்களுக்கு மேல் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஓ'ஹேன்லன். தீபகற்ப மலேசியாவில் களவேலை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நோர்மா-ரஷீத் அவரோடு சேர்ந்து 2013இல் பூச்சியின் நிறத்தையும் உருவத்தையும் அளந்து எழுதியிருக்கிறார். பூச்சியின் வெள்ளை புற ஊதாவை உறிஞ்சுகிற வெள்ளை. தேனீயின் மூன்று செல்களின் கணக்கில் போட்டால், அதைச் சுற்றி வளரும் பூக்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் வந்த கட்டுரையில், உயிருள்ள பூச்சியையும் அந்த வட்டாரத்தில் அதிகம் பூத்துக்கிடக்கும் பூ ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எதை நோக்கி எத்தனை பூச்சிகள் வருகின்றன என்று எண்ணினார். பூவைவிடக் கும்பிடுபூச்சியிடம் அதிகம் வந்தன. அந்தப் பூ எது தெரியுமா? எங்கள் லோங்காங் ஓரத்து ரும்புட் இஸ்ராயெல்தான்.

போலி எப்படி அசலைத் தோற்கடிக்கும் என்பதற்கு மேலே போட்ட கணக்கே பாதி பதிலைத் தருகிறது என்று நினைக்கிறேன். இது என் ஊகம். நாலு சென்டிமீட்டர் இளம் பூச்சி, தேனீக்கு 46 சென்டிமீட்டரில் வெளிச்சமாகவும் 15 சென்டிமீட்டரில் நிறமாகவும் தெரியும். பூவைப்போல இரண்டு மடங்கு தூரம். ஒரே நிறத்தில் பெரிய பூவும் சின்னப் பூவும் இருந்தால் பெரியதுதான் முதலில் கண்ணில் படும். ஒம்மட்டிடியத்தின் இடைவெளிக்குத் தந்திரம் தெரியாது. அந்தப் பூச்சி எந்த ஆர்க்கிடையும் குறிப்பாக நகலெடுக்கவில்லை என்பதும் ஓ'ஹேன்லன் கண்டது. உருவம் பெரிய விஷயமில்லை, நிறம்தான் விஷயம். அறுபது மங்கல் புள்ளிகளுக்கு இதழின் வடிவம் எவ்வளவு எட்டும் என்று யோசித்தால் அதிலும் ஆச்சரியமில்லை. நமக்கு அதன் கால்கள் ஆர்க்கிட் இதழாகத் தெரிவது நம் கூர்மையான கண்ணின் ரசனை.

இதே ஆய்வில் இருந்த மரி ஹெர்பர்ஸ்டைன் அதற்குமுன் ஆஸ்திரேலியாவில் வேறொரு ஏமாற்றுக்காரனை ஆராய்ந்தவர். வெள்ளைப்பூவில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை நண்டுச்சிலந்தி. நம் கண்ணுக்குப் பூவோடு பூவாக மறைந்திருக்கிறது. புற ஊதாவில் பார்த்தால் கரிய பூவின்மேல் பளீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு. அதைப் பார்த்துத் தேனீக்கள் ஓடுவதற்குப் பதிலாக அந்தப் பூவுக்கே அதிகம் வந்தன. இரண்டும் நமக்கு வெள்ளைதான். ஒன்று புற ஊதாவைக் கழித்துப் பூவாகிறது, இன்னொன்று புற ஊதாவைக் கூட்டிப் பூவுக்கு அலங்காரமாகிறது. கண்ணால் மட்டும் பார்த்து 'உருமறைப்பு' என்று எழுதியிருந்தால் சிலந்தி விஷயத்தில் நேர் எதிராகப் போயிருக்கும்.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சரம் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது பழுத்த மொட்டு தனியாகவும் புது மொட்டு தனியாகவும் விழுகிறது. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. "ஏழு சென்டிமீட்டர்ல தான் கலரு தெரியும்னா தேனீ எப்படிறா அங்கேருந்து பூவைத் தேடி வருது? வாசனையாத்தான் இருக்கணும்" என்றார்.

பூவைப் பொறுத்தவரை பெரிதும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான மீட்டர் பறந்து வரும் தேனீ இடத்தை நினைவில் வைத்திருக்கிறது, சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கிறது, காற்றில் வரும் வாசனையைப் பிடிக்கிறது. கடைசிச் சாணில்தான் பூவின் நிறம் வேலை செய்கிறது. கும்பிடுபூச்சிக்கும் இது தெரிந்திருக்கிறது போலும். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது, இரைக்குக் காத்திருக்கும் இளம் ஆர்க்கிட் கும்பிடுபூச்சி இரண்டு ரசாயனங்களைக் காற்றில் விடுகிறது. நம்மூர்த் தேனீக்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் அதே இரண்டு. தேனீக்கள் நேர் முன்னாலிருந்து அதன் முகத்தை நோக்கிப் பறந்து வந்தன. வளர்ந்த பெண்பூச்சி, ஆறேழு சென்டிமீட்டர், அந்த வாசனையை விடுவதில்லை. கால் மீட்டரில் நிறமாகத் தெரியும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.